எண்ணெய் குறைகிறது, காய் கூடுகிறது: வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் கேன்டீன்காரர்

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில், அலுவலகங்களுக்கு நடுவே, மதியச் சாப்பாடு மட்டும் போடும் சிறிய கேன்டீன் ஒன்றை நடத்தி வருகிறேன். நாளொன்றுக்குச் சுமார் 110 பேர் சாப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மாத டோக்கன் வாங்கியவர்கள். அடுத்த மாதம் முதல் எண்ணெயைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டப் போகிறேன். திடீரென்று இலையில் மாற்றத்தைக் கண்டால் கோபம் வரும் என்பதால், முன்கூட்டியே எல்லோர் கையிலும் ஒரு கடிதம் கொடுக்க எண்ணியிருக்கிறேன். முதல் வரைவு இது:

“அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, உங்கள் ஆரோக்கியமே எங்கள் மகிழ்ச்சி. இதய நோயும் சர்க்கரை நோயும் அண்டாமல் இருக்க, வரும் மாதம் முதல் கொழுப்புக் குறைந்த, காய்கறி நிறைந்த உணவை வழங்கவிருக்கிறோம். உங்கள் பேராதரவை வேண்டுகிறோம்.”

இது போதுமா, இன்னும் எதையாவது சேர்க்க வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய மெஸ் மேற்பார்வையாளர்

ஐயா, கல்லூரி விடுதி மெஸ்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் ஒரு செய்தியும் இல்லை. எந்தப் பண்டம் குறையும், எது கூடும், விலை என்னவாகும் என்ற மூன்றையும்தான் உங்களிடம் சாப்பிடுகிறவர் தேடுவார். மூன்றில் ஒன்றுகூட இதில் இல்லை.

இரண்டு சொற்றொடர்களை உடனே எடுத்துவிடுங்கள். நோய் அண்டாது என்று உணவு விற்கிறவர் எழுதிக் கொடுக்கக் கூடாது. அடுத்தது “கொழுப்புக் குறைந்த” என்பது. அப்படிச் சொல்லிக்கொள்வதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளில் அளவு உண்டு. திட உணவென்றால் 100 கிராமில் 3 கிராம் கொழுப்புக்கு மேல் போகக் கூடாது. தேங்காய் அரைத்துவிட்ட உங்கள் கூட்டு அந்தக் கணக்கில் நிற்காது. “எண்ணெயை இவ்வளவு குறைத்திருக்கிறோம்” என்று எழுதினால் போதும். அது உண்மை, யாரும் கேள்வி கேட்க முடியாது.

அதற்கு முதலில் இப்போது எவ்வளவு எண்ணெய் செலவாகிறது என்ற கணக்கு வேண்டும். டின் எத்தனை நாளில் தீர்கிறது என்பதை வைத்துச் சொல்லாதீர்கள். குழம்பு, பொரியல், பொரிக்கிற சட்டி என்று தனித்தனியாக அளந்து எழுதுங்கள்.

கெடிலக்கரை

எண்ணெயைக் குறைப்பதைக் காட்டிலும் எண்ணெயை மாற்றுவதே சரி என்பது என் கருத்து. ரீபைண்ட் எண்ணெயில்தான் கொலஸ்ட்ரால் சேர்கிறது. செக்கில் ஆட்டிய கடலெண்ணெய்க்கு மாறிவிட்டால் அளவைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். நம் தாத்தாக்கள் நல்லெண்ணெயைக் கையில் ஊற்றி இட்லிக்குத் தொட்டுச் சாப்பிட்டவர்கள்தானே? விருத்தாசலம் பக்கத்திலிருந்து வேர்க்கடலை வருகிற ஊரில் இருந்துகொண்டு பாமாயில் வாங்குவானேன்?

டோக்கன் வாடிக்கையாளர்

உங்கள் கடையோ வேறு கடையோ, நான் மாத டோக்கனில் சாப்பிடுகிறவன். இந்தக் கடிதம் என் கைக்கு வந்தால் முதலில் எனக்குத் தோன்றுவது இதுதான்: எண்ணெய் விலை ஏறிவிட்டது, அதனால் குறைக்கிறார்கள், அதற்கு ஆரோக்கியம் என்று பெயர் வைக்கிறார்கள். வடையை நிறுத்திவிட்டு அதே விலை வாங்கினால் மிச்சம் யாருக்குப் போகிறது? அதைச் சொல்லாத கடிதத்தை மடித்துக் கை துடைத்துக்கொள்வேன்.

மஞ்சக்குப்பம் கேன்டீன்காரர்

மெஸ் ஐயா சொன்னபடி ஒரு வாரம் அளந்து பார்த்தேன். பொரிக்கிற சட்டியில் காலையில் ஊற்றியதிலிருந்து மாலையில் மிஞ்சியதைக் கழித்தே கணக்கிட்டேன். சராசரியாக ஒரு நாளைக்குக் குழம்புக்கு ஒன்றரை லிட்டர், பொரியலுக்கும் கூட்டுக்குமாக ஒரு லிட்டர், ரசத் தாளிப்புக்கு 100 மில்லி, வடை, அப்பளம், வறுவல் ஆகியவை குடித்தது இரண்டரை லிட்டர். எல்லாம் சேர்த்து ஐந்து லிட்டருக்குச் சற்று மேல். 110 பேருக்கு வகுத்தால் தலைக்கு ஏறத்தாழ 46 மில்லி வருகிறது. இது அதிகமா, கேன்டீன்களில் வழக்கமாக ஆவதுதானா?

டோக்கன் ஐயாவின் சந்தேகம் நியாயமானது. அதற்கான கணக்கையும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பழைய மெஸ் மேற்பார்வையாளர்

கேன்டீன்களுக்கு இது வழக்கமான அளவுதான். அதிகமா என்றால், ஆம், அதிகம். 46 மில்லி என்பது எடையில் 42 கிராம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாள் முழுவதற்குமான எண்ணெய், கொழுப்பு 27 கிராம். காய்கறி, கீரை 400 கிராம். உங்கள் வாடிக்கையாளர் மதியம் ஒரு வேளையிலேயே ஒன்றரை நாள் எண்ணெயைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். காய் எவ்வளவு போகிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கெடிலக்கரை சொன்னதில் பாதியை ஏற்கிறேன். செக்குக் கடலெண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் மணம் உண்டு, ஆகவே கொஞ்சம் விட்டாலே வாயில் தெரியும். தாளிப்புக்கு அதை வைத்துக்கொண்டால் அளவு தானாகக் குறையும். பாமாயிலில் ஏறக்குறையப் பாதி நிறைகொழுப்பு என்பதும் உண்மை. ஆனால் எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, ரீபைண்ட் ஆனாலும் சரி, செக்கு ஆனாலும் சரி. எந்த எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு ஒன்பது கலோரிதான். செக்கு எண்ணெய் என்பதற்காக 46 மில்லி ஊற்றலாம் என்றாகாது.

இனி, எங்கே குறைப்பது என்பதைப் பார்ப்போம். எல்லாவற்றிலும் பாதி பாதி என்று குறைத்தால் எல்லாமே கெட்டுப்போகும். பொரிப்பதில்தான் முதலில் கைவைக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் எண்ணெயில் பாதி அங்கேதான் போகிறது. அடுத்தது கத்தரிக்காய். அதன் சதைக்குள் முழுக்கக் காற்று இருப்பதால் பச்சையாகச் சட்டியில் போட்டதும் விட்ட எண்ணெயை எல்லாம் உறிஞ்சிவிடும். சமையற்காரர் சட்டி காய்கிறதே என்று இன்னொரு கரண்டி விடுவார். நறுக்கிய கத்தரிக்காயை இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டி, சதை சுருங்கிய பிறகு வதக்கச் சொல்லுங்கள். கால் பங்கு எண்ணெயில் வேலை முடியும். வாழைக்காயையும் உருளைக்கிழங்கையும் அப்படியே முக்கால் வேக்காடு வேகவைத்து, நீர் வடித்து, அகலமான இரும்புச் சட்டியில் பரப்பிக் கிளறாமல் முறுகவிட்டால் வறுவல் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிடும்.

குழம்பில்தான் கவனம் வேண்டும். எண்ணெய் குறைந்த சட்டியில் மிளகாய்த்தூளையும் தனியாத்தூளையும் நேராகப் போட்டால் அடியில் பிடித்துக் கருகும், மேலே பச்சை வாசனை அப்படியே நிற்கும். தூளை வெறும் சட்டியில் வறுத்துவைத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தை உப்புப் போட்டு மூடிவைத்தால் அதன் நீரிலேயே வெந்துவிடும். மிச்சமிருக்கும் எண்ணெயில் பாதியை ஒதுக்கிவைத்துக் கடைசியில் கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்து மேலே கொட்டுங்கள். பெருங்காய மணமும் மிளகாய் நிறமும் எண்ணெயில்தான் இறங்கும். அது மேலே நின்றால் அளவு குறைந்தது எளிதில் தெரியாது.

இன்னொன்றையும் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். சட்டியில் மாலையில் மிஞ்சுகிற எண்ணெயை என்ன செய்கிறீர்கள்?

வில்லியனூர் வாசகி

எனக்குப் பித்தப்பையில் கல் இருந்து அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. நீங்கள் எண்ணெயே இல்லாமல் சமைக்கப் போவதாகப் படித்ததும் மிகவும் மகிழ்ந்தேன். தாளிக்காமல் சாம்பார் வைக்கும் முறையை முழுமையாக எழுத முடியுமா? புதுச்சேரிக்கு டெலிவரி உண்டா?

மஞ்சக்குப்பம் கேன்டீன்காரர்

அம்மா, எண்ணெய் இல்லாமல் அல்ல, ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறோம். உங்களுக்கு எவ்வளவு சேரும் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்பதே நல்லது. டெலிவரி இல்லை.

மெஸ் ஐயாவுக்கு: வடை போட்ட எண்ணெயை வடிகட்டி, மறுநாள் அப்பளம் பொரிக்க வைத்துக்கொள்கிறோம். அதற்குப் பிறகு மிஞ்சுவதை டின்னில் சேர்த்து, பழைய எண்ணெய் எடுக்க வருகிறவரிடம் கொடுத்துவிடுகிறோம். குழம்புக்கோ தாளிப்புக்கோ அதைத் தொடுவதில்லை.

பழைய மெஸ் மேற்பார்வையாளர்

அப்படியானால் இதைக் கடிதத்தில் எழுதுங்கள். நான் பார்த்த பல இடங்களில் வடைச் சட்டி எண்ணெய்தான் மறுநாள் குழம்புத் தாளிப்பாகிறது. வெளியே சாப்பிடுகிற எல்லோருக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, வாய்விட்டுத்தான் கேட்பதில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. அதை அளக்கும் கருவி சிறிய கடைகளில் இருக்காது. ஆனால் கண்ணுக்கே தெரியும் அடையாளங்கள் உண்டு: நிறம் கறுத்துப் போகும், கரண்டியிலிருந்து பிசுக்காக வழியும், வடையைப் போட்டதும் எழும் நுரை அடங்காமல் சட்டியின் விளிம்பு வரை வரும், வழக்கமான சூட்டிலேயே புகையும். அத்தகைய எண்ணெய் பண்டத்தின் மேல் அதிகமாக ஒட்டிக்கொள்ளவும் செய்யும். எனவே பழைய எண்ணெயில் பொரிப்பதால் எண்ணெய் மிச்சமாகிறது என்ற கணக்குக்கூடத் தப்புக் கணக்குதான். சட்டியில் குறைந்துவிட்டதே என்று பழையதன் மேல் புதியதை ஊற்றிக்கொண்டே போவதும் கூடாது.

லாஸ்பேட்டை டிபன் கேரியர்

நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீட்டிலேயே சமைத்து, கேரியரில் சாப்பாடு அனுப்புகிறேன். இதே மாற்றத்தை நானும் செய்தேன், கடிதமும் கொடுத்தேன். அண்ணன் எதிர்பார்க்காத இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது உப்பு. எண்ணெய் குறைந்ததும் “சப்பென்று இருக்கிறது” என்ற புகார் வந்தது. சமையலுக்கு உதவுகிற அக்கா, யாரிடமும் சொல்லாமல், உப்பைக் கூட்டிப் புகாரை அடக்கிவிட்டார். குழம்பை நானே ருசி பார்த்தபோதுதான் தெரிந்தது. பிறகு புளியைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, இறக்கும்போது கறிவேப்பிலையும் நுணுக்கிய மிளகும் சேர்த்துச் சரிசெய்தோம். ஆகவே எண்ணெய்க்கு மட்டுமல்ல, உப்புக்கும் அளவுக் கரண்டி வையுங்கள்.

இரண்டாவது, குழம்பு தாங்குவதில்லை. முன்பு வத்தக்குழம்பின் மேல் எண்ணெய் ஏடுபோல் நிற்கும், மறுநாள்கூடச் சிலர் வைத்துச் சாப்பிடுவார்கள். எண்ணெயைக் குறைத்த பிறகு இரவுக்குள் வாடை வந்ததாக இருவர் சொன்னார்கள். இப்போது கேரியரிலேயே “இன்று மாலைக்குள் சாப்பிடவும்” என்று சீட்டு ஒட்டுகிறேன். பார்சல் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உங்களிடம் இருந்தால் இதையும் எழுதுங்கள்.

என் வாடிக்கையாளர்களில் சிலர் நின்றுவிட்டார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. குழம்புக்காக யாரும் நிற்கவில்லை. எல்லோரும் வடைக்காகத்தான் நின்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் வடையைத் திரும்பக் கொண்டுவந்ததும் பாதிப்பேர் வந்துவிட்டார்கள்.

டோக்கன் வாடிக்கையாளர்

சகோதரி சொல்வது சரி. வடை இல்லாத நாளை நான் பொறுத்துக்கொள்வேன், எந்த நாள் உண்டு என்பது முன்கூட்டியே தெரிந்தால். ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

மஞ்சக்குப்பம் கேன்டீன்காரர்

இதோ கணக்கு. வடை வாரம் இரண்டு நாள், அப்பளம் பெரும்பாலான நாட்களில் சுட்டது, குழம்புக்கு 800 மில்லி, பொரியலுக்கும் கூட்டுக்கும் அரை லிட்டர் என்று வைத்தால், சராசரியாக நாளொன்றுக்கு இரண்டரை லிட்டரில் முடிகிறது. தலைக்கு 23 மில்லி. மிச்சமாகும் எண்ணெய் சுமார் இரண்டரை லிட்டர். நான் வாங்கும் விலையை லிட்டர் 140 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 350 ரூபாய் மிச்சம்.

காய் இப்போது ஆளுக்கு 60 கிராம் போகிறது. அதை 120 கிராமாக்கினால், நறுக்கிய காயாக நாளைக்கு 6.6 கிலோ கூடுதலாக வேண்டும். காம்பு, தோல், முற்றல் எல்லாம் கழிவதால் 8 கிலோ வாங்க வேண்டியிருக்கிறது. கிலோ சராசரி 35 ரூபாய் என்றால் 280 ரூபாய். அதை நறுக்க ஓர் அம்மாவைக் காலையில் இரண்டு மணி நேரம் முன்னதாக வரச்சொல்ல வேண்டும், அதற்கு 150 ரூபாய். ஆக 350 மிச்சமாகி 430 செலவாகிறது. கீரை நாட்களில் இன்னும் மோசம், ஏனென்றால் ஒரு கூடை கீரை வெந்தபின் ஒரு கிண்ணத்துக்குள் அடங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் காய் விலை ஏறினால் என்ன செய்வேன் என்பதற்கு என்னிடம் இப்போது பதில் இல்லை.

எல்லோர் கருத்தையும் சேர்த்துக் கடிதத்தைத் திருத்தி எழுதியிருக்கிறேன்:

“ஐயா, அம்மா, வணக்கம்.

வரும் மாதம் முதல் தேதியிலிருந்து நம் கேன்டீன் சாப்பாட்டில் சில மாற்றங்கள் வருகின்றன. நாங்கள் அளந்து பார்த்ததில் ஒரு சாப்பாட்டுக்கு ஏறத்தாழ 46 மில்லி எண்ணெய் செலவாகிறது. ஒருவருக்கு நாள் முழுவதற்கும் பரிந்துரைக்கப்படும் அளவைவிட இது அதிகம். இதைச் சராசரியாக 23 மில்லியாகக் குறைக்கிறோம். பொரியலும் கூட்டும் சேர்ந்து இப்போது ஆளுக்கு 60 கிராம் காய் என்பதை 120 கிராமாக உயர்த்துகிறோம்.

வடை புதன், சனி ஆகிய இரண்டு நாட்களில் மட்டும் இருக்கும். அந்த நாட்களில் அப்பளம் பொரித்தது. மற்ற நாட்களில் சுட்டது. உருளைக்கிழங்கு, வாழைக்காய் வறுவல்கள் வேகவைத்து முறுகவிட்டவையாக இருக்கும். வடை பொரித்த எண்ணெயைக் குழம்புக்கோ தாளிப்புக்கோ பயன்படுத்துவதில்லை. சமையலறைக்கு வந்து எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். பருப்புப் பொடிக்கு நல்லெண்ணெய் வேண்டுவோர் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

சாப்பாட்டின் விலையில் மாற்றம் இல்லை. எண்ணெயில் மிச்சமாகும் தொகையைவிடக் காய்க்கும் நறுக்கு கூலிக்கும் ஆகும் செலவு சற்று அதிகம். கணக்கைக் கல்லாவுக்கு அருகில் ஒட்டியிருக்கிறோம். எண்ணெய் குறைந்த குழம்பு நீண்ட நேரம் தாங்காது என்பதால் பார்சலை அன்று மாலைக்குள் சாப்பிட்டுவிட வேண்டுகிறோம்.

ருசியில் குறை தெரிந்தால் பரிமாறுகிறவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். இந்த மாற்றம் பிடிக்காமல் டோக்கனைத் திருப்பித் தர விரும்பினால், மீதி நாட்களுக்கான பணத்தைத் தந்துவிடுகிறோம்.”

பழைய மெஸ் மேற்பார்வையாளர்

இது கடிதம். ஒரே ஒரு திருத்தம்: 23 மில்லி என்பது வாரச் சராசரி. வடை நாட்களில் அது 30-ஐத் தாண்டும். “வாரச் சராசரியாக” என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், புதன்கிழமை ஒருவர் இலையைக் காட்டிக் கேட்டாலும் நீங்கள் சொன்னது நிற்கும். அளவைக் காப்பாற்றுவதற்கு, டின்னிலிருந்து நேராகச் சரிப்பதை நிறுத்தி, அன்றைய எண்ணெயைக் காலையிலேயே குழம்புக்கு ஒரு பாத்திரம், பொரியலுக்கு ஒரு பாத்திரம் என்று அளந்து வைத்துவிடுங்கள். தீர்ந்தால் சமையற்காரர் உங்களிடம் வந்து கேட்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது வாரத்திலேயே கை பழைய அளவுக்குப் போய்விடும்.

கெடிலக்கரை

கொலஸ்ட்ரால் விஷயத்தை வீட்டில் உள்ள எண்ணெய்ப் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்தேன், ஐயா சொன்னபடியே ரீபைண்டிலும் பூச்சியம் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனாலும் தாளிப்புக்காவது செக்கு எண்ணெய் என்று கடிதத்தில் சேர்க்கலாமே? 800 மில்லியில் பாதிதானே, பெரிய செலவு வராது.

மஞ்சக்குப்பம் கேன்டீன்காரர்

ஏற்கெனவே 80 ரூபாய் கையிலிருந்து போகிறது, அண்ணா. முதல் மாதம் ஓடட்டும்; எத்தனை டோக்கன் திரும்பி வருகிறது என்று பார்த்துவிட்டுச் செக்கு எண்ணெயைப் பற்றி யோசிக்கிறேன். எழுதிவிட்டுச் செய்யாமல் போவதைவிட, எழுதாமல் இருப்பது மேல் என்று நினைக்கிறேன். “வாரச் சராசரி” என்பதைச் சேர்த்துவிட்டேன்.

டோக்கன் வாடிக்கையாளர்

கணக்கை ஒட்டுவது நல்லது. 80 ரூபாய் நட்டம் என்பதை நான் நம்புகிறேன், ஆனால் அது கத்தரிக்காய் 35 ரூபாய் விற்கும் மாதத்துக் கணக்கு. காய் மலிவாகக் கிடைக்கும் மாதத்தில் அந்தச் சீட்டைக் கிழித்துவிடாமல், புது விலையைப் போட்டு ஒட்டுங்கள். அப்போது லாபம் வந்தால் இன்னொரு நாள் வடை கேட்பேன்.

லாஸ்பேட்டை டிபன் கேரியர்

அண்ணா, அப்பளத்தைச் சுடுவதற்கு ஆள் வைத்திருக்கிறீர்களா? 110 அப்பளத்தை அடுப்பில் ஒவ்வொன்றாகச் சுட்டால் பந்தி நேரத்தில் ஓர் ஆள் அதிலேயே நிற்க வேண்டும். முன்னதாகச் சுட்டு வைத்தால் கடலூர்க் காற்றின் ஈரத்தில் நமத்துப்போகும். நான் காற்றுப் புகாத டின்னில் போட்டு வைத்தும் அரை மணி நேரத்துக்கு மேல் முறுகல் நிற்கவில்லை. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எனக்கும் தேவைப்படுகிறது.